வடமாலபேட்டைப் பாறை

என் புருஷன் ஹரிபாபுவுக்குப் பெரிதாக இருந்தால்தான் பிடிக்கும். சிங்கப்பூருக்குப் போன புதிதில் அவர் அனுப்பிய போட்டோக்களில் எல்லாம் கிரேன்தான் இருக்கும், அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். நான் இங்கே திருப்பதியில், சப்ஸ்டேஷன் கட்டித் தரும் ஒரு தனியார் கம்பெனியில் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். தினம் நகரியில் பஸ் ஏறி, புத்தூர், வடமாலபேட்டை தாண்டி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போவதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் புருஷன் வேலையை வைத்துத் தரும் டிபெண்டன்ட் பாஸில் போனால் நான் வெறும் பெண்டாட்டி. அப்படிப் போன இரண்டு இன்ஜினியர்களை எனக்குத் தெரியும். இருவரும் இப்போது நன்றாகச் சமைக்கிறார்கள். அதனால் எனக்கென்று ஒரு வேலை கிடைத்தால்தான் வருவேன் என்று சொல்லியிருந்தேன்.

அப்படி ஒரு வேலை வந்தது. கட்டடங்களுக்கும் சப்ஸ்டேஷன்களுக்கும் எர்த்திங், அதாவது பழுது வந்தால் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் ஏற்பாடு, டிசைன் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. பயோடேட்டாவோடு ஒரு பக்கச் சுருக்கம் கேட்டார்கள். அதில் மூன்று புராஜெக்ட்தான் இருக்க வேண்டும். நான் செய்த வேலைகளை எண்ண இரண்டு கை விரல் போதாது. மூன்று என்றதும் மலைப்பாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றபடி வந்து, சோறு வடித்து, அதன்பிறகு உட்கார்ந்து யோசிப்பேன். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் எல்லாவற்றையும் சொன்னால் எதையும் சொன்னதாகாது. கடைசியில் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேட்டேன். அவர்கள் கேட்கும் எர்த்திங் வேலை இதில் இருக்கிறதா? ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் பதில் என்னிடம் இருக்கிறதா, வேறு யாரிடமாவது இருக்கிறதா? இரண்டாவது கேள்வியில்தான் பெரிய பெரிய வேலையெல்லாம் விழுந்தது. சித்தூர் பக்கத்து 220 கே.வி. சப்ஸ்டேஷனில் ஒரு வருஷம் இருந்தேன். ஆனால் அதன் எர்த்திங்கை ஹைதராபாத் ஹெட் ஆபீஸ் போட்டது. எந்த கேபிள் எந்தப் பேனலில் இருந்து எங்கே போகும் என்று அட்டவணை போட்டது மட்டும்தான் நான்.

மிஞ்சியது மூன்று. முதலில் வடமாலபேட்டை 33 கே.வி. சப்ஸ்டேஷன், அடுத்து பாகாலாவில் பழைய சப்ஸ்டேஷன் யார்டை விரிவாக்கியது, கடைசியாகத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இடிதாங்கி. மூன்றும் சின்ன வேலை. மூன்றும் என்னுடையவை. எழுதி ஹரிபாபுவுக்கு ஈமெயிலில் அனுப்பினேன். அங்கே இருக்கும் ஏஜென்சியில் நேரில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

போன் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் கூப்பிட்டார். குரலில் பெருமை வழிந்தது. வடமாலபேட்டையை எடுத்துவிட்டாராம். 33 கே.வி.யெல்லாம் இங்கே யார் மதிப்பான், அந்த ஊர் பேரே இவர்கள் வாயில் நுழையாது என்றார். அதற்குப் பதிலாக சித்தூர் 220-ஐ முதலில் வைத்து, எர்த்திங் டிசைன் என்று போட்டிருக்கிறாராம். எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. நான் எழுதியதையே திரும்பக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு பேப்பர் கொடுத்தால் ஏஜென்சிக்காரன் சந்தேகப்படுவான் என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே நெய் ஹைதராபாத்காரனுடையது, கை மட்டும் என்னுடையது.

மறுநாள் ஆபீஸ் மொட்டைமாடியில் நின்று பேசினேன். ஒரு பெண் குரல். அவசரமில்லாத, கவனமான குரல். எடுத்ததுமே சித்தூருக்குத்தான் வந்தாள். அந்த யார்டில் பழுது வந்தால் பாயும் ஃபால்ட் கரன்ட் எவ்வளவு, எத்தனை விநாடி என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். அந்த அளவு சப்ஸ்டேஷனுக்கு வழக்கமாக எடுக்கும் கணக்கு, இந்தத் துறையில் இருக்கும் யாருக்கும் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி ஏன் என்று வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். எனக்கு அலுப்பாகவும் இருந்தது. இன்னொருத்தன் வேலையைச் சுமக்க அன்றைக்கு என்னிடம் தெம்பில்லை. அந்த டிசைன் என்னுடையது அல்ல, நான் செய்தது கேபிள் அட்டவணை என்றேன்.

அப்படியானால் இது ஏன் முதலில் இருக்கிறது என்று கேட்டாள். என் புருஷன் வைத்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. தவறு, மன்னிக்கவும் என்றேன். பேப்பரில் இல்லாத ஒரு வேலையைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

வடமாலபேட்டையைச் சொன்னேன். குழி எடுத்த மேஸ்திரி "கிந்த அந்தா பண்டே மேடம்" என்று கையை விரித்ததில் ஆரம்பித்தேன். கீழே முழுக்கப் பாறை. பாறையில் கரன்ட் இறங்காது. எங்காவது ஃபால்ட் வந்தால் யார்டு முழுக்க வோல்டேஜ் ஏறி நிற்கும், அங்கே இரும்பைத் தொட்டு நிற்பவன் பிழைக்க மாட்டான். இன்னும் நாலு குழி போட்டு உப்பும் கரியும் கொட்டச் சொன்னார்கள் சீனியர்கள். நான் நாலு கம்பியை நட்டு, தூரத்தை மாற்றி மாற்றி, மண் எவ்வளவு கரன்ட்டை விடும் என்று அளந்தேன். பக்கத்தில் இருந்த ஏரியை நோக்கிப் போகப் போக, கரன்ட் இறங்கும் களிமண் வந்தது. அதுவரை இரும்புப் பட்டையைப் புதைத்து இழுத்து, அங்கே குழிகள் போட்டு, யார்டோடு சேர்த்தேன். யார்டுக்குள் நிற்பவன் கால் வழியாகக் கரன்ட் ஏறாமலிருக்க ஜல்லி பரப்பினேன். மின்சார டிபார்ட்மென்ட்காரர்கள் வந்து அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

ஏரி வற்றும் கோடையில் அளந்தீர்களா என்று கேட்டாள். கோடையில்தான் அளந்தேன் என்றேன். "நாங்கள்" என்று சில இடத்தில் சொல்கிறீர்களே, அது யார் என்றும் கேட்டாள். நமக்கு அது வாய்ப் பழக்கம். நாலு பேர் நின்ற இடத்தில் நான் என்று சொல்லக் கூச்சம். எல்லாம் நான்தான் என்றேன். இதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்றாள்.

இரண்டு நாளில் ஈமெயில் வந்தது. எழுதித் தந்ததும் பேசியதும் ஒத்துப்போகவில்லை, ஆகவே இந்த வேலைக்கு எடுக்க இயலவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் ஹரிபாபு காலிங் கார்டில் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"உட்டுத் தள்ளு, பத்மினி. டிபெண்டன்ட்லயே வந்துடு. எத்தினி நாளுக்கு இப்பிடித் தனியா இருக்கறது" என்றார்.

"மாமா, கண்ணாலத்துக்கு முன்னாடியிருந்து நான் வேலைக்குப் போய்க்கினு இருக்கேன். நான் இன்னா செய்யறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சப்ஸ்டேஷன் வேலை."

"அதுல இன்னா?"

அது அவருக்குத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதைச் செய்தார். எது என் வேலை என்று தெரியாமல் எனக்காகப் பொறுக்கினார், அவ்வளவுதான். அதுதான் எனக்கு வலித்தது. முகம் தெரியாத ஒருத்தி சில நிமிஷத்தில் கேட்டதை, இத்தனை வருஷத்தில் இவர் கேட்டதில்லை.

"நீங்க எடுத்துட்டீங்களே வடமாலபேட்டை, அது அடியில முழுக்கப் பாறை மாமா" என்றேன். அதற்குள் கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் புத்தூரைத் தாண்டியபோது செல்போன் அடித்தது. அவர்தான். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. என்னவோ ஏதோ என்று பயந்துபோய் எடுத்தேன்.

"அந்தப் பாறைய அப்பறம் இன்னா பண்ணீங்க?" என்றார்.

ஜன்னலில் வடமாலபேட்டை வந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல நாங்க மண்ண அளந்தோம்" என்று ஆரம்பித்தேன்.

"நாங்கன்னா யாரு?"

"நான்" என்றேன்.