அவிழாத அலோஹா

என் கணவன் லோபாகா கடற்கரை விடுதி ஒன்றில் விருந்து நிகழ்ச்சி நடத்துகிறான். மண்ணடுப்பில் புதைத்துச் சுட்ட பன்றியைத் தூக்கும் நேரத்தில் மைக்கைப் பிடித்து, "அலோ...ஹா!" என்று மூச்சு முட்ட இழுப்பான். ஐந்நூறு சுற்றுலாக்காரர்கள் திருப்பிக் கத்துவார்கள். "இவ்ளோதானா? உங்க மாமியார் வீட்டுலயா இருக்கீங்க? இன்னும் சத்தமா!" என்பான். பிறகு 'அலோ' என்றால் முகம், 'ஹா' என்றால் மூச்சு, இரண்டும் சேர்ந்ததுதான் அலோஹா என்று விளக்குவான். எல்லோரும் உருகிப்போவார்கள்.

நான் எங்கள் மொழிப் பள்ளியில் ஆசிரியை. அந்த விளக்கம் அழகுதான், ஆனால் சரியில்லை என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு உறவான வேறு தீவு மக்களில் மாவோரிகள் 'அரோஹா' என்கிறார்கள், சமோவாக்காரர்கள் 'அலோஃபா' என்கிறார்கள். எங்கள் முன்னோர் படகேறி இந்தத் தீவுக்கு வரும்போதே முழுச் சொல்லாகக் கொண்டுவந்தது அது. யாரும் இங்கே உட்கார்ந்து இரண்டு துண்டுகளை ஒட்டவில்லை.

"உன் வகுப்புல யாரும் காசு குடுத்து வரல, கெஹௌ. அதான் உண்மையெல்லாம் சொல்லிட்டிருக்க" என்று சிரிப்பான்.

அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட எனக்குப் பிடிக்கும். வாசலில் நிற்பவரிடம் சொன்னால் வரவேற்பு. படகேறுபவரிடம் சொன்னால் விடை. மனைவியிடம் சொன்னால் ஆசை. விழுந்து அடிபட்டவனைப் பார்த்து 'அலோஹா இனோ' என்றால், ஐயோ பாவமே. செத்தவருக்குப் பாடும் ஒப்பாரியில், அவரோடு சேர்ந்து நனைந்த மழைக்கும் சேர்ந்து நடந்த காற்றுக்கும் பெயர் சொல்லி அலோஹா என்போம். அங்கே அது துக்கம். நிலத்துக்குச் சொன்னால், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பொருள். இத்தனைக்கும் நடுவில் மாறாத ஒன்று உண்டு. அலோஹா கொடுத்து வாங்குவது. ஒரு பக்கம் மட்டும் நின்றால் அது வெறும் சத்தம்.

நிலம் என்றேன். அதில்தான் என் கணவனுக்கும் அவன் அக்கா வைலானாவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

தீவின் கிழக்கே, மழைப் பள்ளத்தாக்கில் அவர்கள் குடும்பத்துக்குச் சேப்பங்கிழங்கு வயல்கள் இருந்தன. முப்பாட்டன் பெயரில் பட்டா. பிறகு யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட நிலத்தை ஒரு நிறுவனம் எப்படி எடுக்கிறது என்றால், முதலில் ஒரு பங்காளியின் பங்கை வாங்கும். பிறகு, 'நாங்களும் உரிமையாளர்தான், மற்றவர்கள் யாரென்று தெளிவாக்குங்கள்' என்று வழக்குப் போடும். பங்காளிகள் எல்லோருக்கும் அறிவிப்பு போகும், செய்தித்தாளிலும் வரும். குறித்த நாளுக்குள் பதில் சொல்லாதவருடைய பங்கு போய்விடும். லோபாகா தன் பங்கை விற்றான். அக்கா பதில் சொல்லத் தவறினாள். வயலில் கம்பிவேலி விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை பலகிகோ மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். லோபாகாவின் தாய்மாமன், எண்பது வயது.

"உங்க அக்கா டயாலிசிஸ நிறுத்திட்டா. வாரத்துல மூணு நாள் அந்த வளைவு ரோட்டுல போய்வர முடியலைங்கிறா. பத்து நாள் தாங்கினா அதிகம். உட்கார்ந்து பேசணும்னு அவளே கேட்டா. சனிக்கிழமை காலையில வந்து சேரு."

லோபாகா போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "அவ என்னை விடுவிக்காம செத்தா, நான் எங்க போவேன் கெஹௌ?"

இப்படிக் குடும்பமாக உட்கார்ந்து பேசித் தீர்ப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஜெபத்தோடு தொடங்கும். நடத்துபவர் பிரச்சினையைச் சொல்வார். யாரும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசக் கூடாது. எல்லாம் நடத்துபவரைப் பார்த்துத்தான். கோபம் ஏறினால் அவர் கையைத் தூக்குவார், எல்லோரும் வாயை மூட வேண்டும். வாழை மட்டையை உரிப்பதுபோல ஒவ்வொரு குற்றமாக உரித்து எடுப்பார்கள். தவறு செய்தவனும் பாதிக்கப்பட்டவளும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள் என்பது எங்கள் எண்ணம். அவன் ஒப்புக்கொண்டு கேட்க வேண்டும், அவள் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் இரண்டு பேருக்கும் விடுதலை. அவிழ்த்ததை மறுபடி யாரும் எடுக்கக் கூடாது. கடைசியில் ஜெபம், சாப்பாடு.

சனிக்கிழமை நாங்கள் போனபோது வைலானா சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் இருந்தாள். முகம் வீங்கி, தோல் சாம்பலாகியிருந்தது. ஆனால் வாய் அப்படியே இருந்தது.

"மேடைக்காரன் வந்துட்டானா? மைக் வேணுமான்னு கேளுங்க மாமா."

"வைலானா, ஜெபம் முடியட்டும்" என்றார் மாமா.

ஜெபம் முடிந்ததும் மாமா சொன்னார்: "ரெண்டே ரெண்டு வேணும். உண்மையும் அலோஹாவும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இங்க உட்காராது. லோபாகா, சொல்லு."

லோபாகா மாமாவைப் பார்த்துச் சொன்னான். "நான் என் பங்கை வித்தேன். அக்காகிட்ட கேக்கல. படகு வாங்கணும்னு ஆசை. அந்தப் பங்கு வழியாத்தான் அவங்க உள்ள வந்தாங்க. தப்பு என்னுது."

"வேற ஏதாவது?"

லோபாகா தரையைப் பார்த்தான். பாயின் ஓரத்தை விரல் கிள்ளியது. "இல்ல மாமா."

"வைலானா?"

அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். "அவன் மேல மூணு வருஷமா எரிஞ்சேன் மாமா. ஆனா பாதித் தப்பு என்னுது. பேப்பர்ல அறிவிப்பு வந்திருக்கு, நான் பாக்கல. ஊசிய மாட்டிட்டுப் படுத்துக் கெடந்தேன்னு சாக்கு சொல்லக் கூடாது. அப்பா நிலத்தை நான்தான் தூங்கித் தொலைச்சேன். அதுக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

மாமா லோபாகா பக்கம் திரும்பினார்.

"அவ கேக்குறா, லோபாகா. அவிழ்க்கிறியா?" என்றார் மாமா.

"அவிழ்க்கிறேன்" என்றான்.

"வைலானா, நீ?"

"அவிழ்த்துட்டேன். வாடா இங்க."

அவன் நாற்காலிக்கு முன் மண்டியிட்டான். அவள் அவன் பிடரியைப் பிடித்து நெற்றியை நெற்றியில் வைத்து, மூக்கோடு மூக்கைச் சேர்த்தாள். எங்கள் முறை அது; ஒரே நேரத்தில் இருவரும் உள்ளிழுத்து, ஒருவர் மூச்சை ஒருவர் வாங்க வேண்டும். அவள் இழுத்தது எனக்குக் கேட்டது, ஈரமாக, சிரமப்பட்டு. லோபாகாவின் முதுகு என் பக்கம் இருந்தது. அது எழும்பவேயில்லை. இருபத்தாறு வருடம் அவன் பக்கத்தில் படுத்தவள் நான். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அலோஹா, தம்பி" என்றாள் அவள். அழுதுகொண்டே சிரித்தாள். சேப்பங்கூழும் உப்புமீனும் சாப்பிட்டோம். அவளும் மருத்துவர் தடுத்திருந்த உப்பைக் கேட்டு வாங்கித் தின்றாள்.

திரும்பும் வழியில், மூன்றாவது பாலத்தருகே லோபாகா வண்டியை ஓரம் கட்டினான்.

"அறிவிப்பு பேப்பர்ல மட்டும் வரல" என்றான்.

"என்ன?"

"அக்காவுக்குப் பதிவுத் தபாலும் வந்துச்சு. பழைய விலாசம், நம்ம வீட்டுக்கு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவளுக்குத் தெரிஞ்சா வழக்குல நிப்பா, என் விற்பனையும் ரத்தாகும், வாங்கின பணத்தைத் திருப்பணும், படகு போயிடும்னு நினைச்சு, வண்டி சீட்டுக்கு அடியில வச்சேன். நாள் தாண்டினப்புறம் எரிச்சிட்டேன்."

 "வண்டிய திருப்பு" என்றேன்.

"முடிஞ்சதை மறுபடி எடுக்கக் கூடாது. முறை அதுதானே?"

"சொன்னதுக்குத்தான் அந்த முறை. சொல்லாதது கட்டுலயே இருக்கு. அது உனக்குத் தெரியும், அதான் மூச்சு வாங்கல."

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தான். "அவ சிரிச்சா கெஹௌ. மூணு வருஷத்துக்கப்புறம் சிரிச்சா. இப்ப போய் இதைச் சொல்லி அவளைக் கொல்லவா? நிம்மதியா போகட்டும். அதுவும் அலோஹாதானே?"

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் யோசித்தேன். அவள் கண்கள், அந்த உப்புமீன், அவள் சிரிப்பு. இரக்கமும் அலோஹாதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். வாங்குபவருக்குத் தெரியாமல் கொடுப்பது இரக்கம் இல்லை, அது மறைப்பு என்று தெரிந்தும், "நாளைக்கு யோசிக்கலாம்" என்றேன். அவன் வண்டியைக் கிளப்பினான். ஞாயிறும் போனது, திங்களும் போனது. அவன் வேலைக்குப் போய் ஐந்நூறு பேரைக் கத்தவைத்துவிட்டு வந்தான்.

செவ்வாய் காலை மாமா கூப்பிட்டார். "எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குறா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் மூச்சு நீண்ட இடைவெளிவிட்டு வந்துகொண்டிருந்தது. லோபாகா அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னான், தபாலை, கையெழுத்தை, நெருப்பை. இந்த முறை எதையும் விடவில்லை. பிறகு அவள் மூக்கில் மூக்கை வைத்து, விக்கி விக்கி இழுத்தான். அவள் முகம் அசையவில்லை.

மாமாவைப் பார்த்தான். "சொல்லிட்டேன் மாமா. இப்ப?"

பலகிகோ மாமா அவள் போர்வையைச் சரிசெய்தார். "சொன்னது நல்லது. ஆனா அவிழ்க்கிறது அவ கை, லோபாகா. நான் அவளுக்குப் பதிலா அவிழ்க்க முடியாது. உன் பொண்டாட்டியாலயும் முடியாது. நீ சொன்னது அவ காதுல விழுந்துச்சான்னுகூட எனக்குத் தெரியாது."

"கடவுள் அவிழ்ப்பாருல்ல?"

"அவர்கிட்ட நீ தனியா பேசிக்கோ. நான் சொல்றது இந்தக் கயித்தை." அவர் லோபாகாவின் தோளைத் தொட்டார். "அலோஹா இனோ, பையா." அவரால் கொடுக்க முடிந்தது அதுதான், பாவம் என்று ஒரு சொல். விடுதலை இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு அவள் போனாள். தன் தவறால்தான் நிலம் போனது என்று நம்பியபடியே போனாள். அதை அவளிடமிருந்து இனி யாரும் எடுக்க முடியாது.

சனிக்கிழமை தேவாலயத்தில் உடலை வைத்தோம். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. பெட்டிக்கு அருகே உட்கார வேண்டியவன் தம்பிதான். பள்ளத்தாக்கே வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, மூக்கோடு மூக்கு வைத்து, "அலோஹா, லோபாகா" என்றார்கள். துக்கத்தின் அலோஹா. தங்கள் மூச்சிலிருந்து கொஞ்சம் எடுத்து, மிச்சமிருப்பவனுக்குக் கொடுப்பது. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வயலை இழந்த மற்றப் பங்காளிகளும் வந்தார்கள். அவர்களும் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் வாங்கினான். வாங்காமல் இருக்க வழியில்லை. வாங்க வாங்க அவன் தோள்கள் இறங்கிக்கொண்டே போயின.

ஒப்பாரி எழுதும் வேலை எனக்கு வந்தது. மொழி தெரிந்தவள் நான்தானே. அவள் நடந்த மழைக்கு அலோஹா, காலைக் காற்றுக்கு அலோஹா, வளைவு ரோட்டுக்கு அலோஹா என்று எழுதிக்கொண்டே வந்தேன். வயலின் பெயர் வரும் வரியில் பேனா நின்றது. அந்த நிலத்தை விட்டுக்கொடுத்த வீட்டிலிருந்து அந்த வரியைப் பாடினால் அது பொய்யாகும். விட்டால் அவளுக்கு வஞ்சகம். எழுதினேன். எழுந்து நின்று பாடியும் முடித்தேன். பெரியவர்கள் அழுதார்கள், நல்ல பாட்டு என்று என் கையைப் பிடித்தார்கள்.

லோபாகா மட்டும் தலை நிமிரவில்லை. அவனுக்கு மூச்சுக் கொடுக்க வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.