பூஜ்யம் போதும் என்றோம்

மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு அனுபவம் 'பூஜ்யம் முதல் ஒரு வருடம்' என்று அறிவிப்புப் போட்டது நாங்கள். அப்படிப் போட்ட பிறகும், ஹாரிகா என்ற பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்து முகம் சுளித்தார் எங்கள் மேனேஜர் வேணுமாதவ்.

"சம்பளத்துக்கு ஒருநாள்கூட வேலை பாக்கலையே, உமாதேவி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பூஜ்யம்னு நாமதானே சார் போட்டோம்? தெரியாமலா எழுதினோம்?"

ஹைதராபாத்தில் பதினோரு வருடமாக ஆள் எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம், படிக்கும்போது பயிற்சிக்குப் போன இடத்தில் என்ன செய்தாய் என்றுதான் கேட்பேன். ஹாரிகா இரண்டு இன்டர்ன்ஷிப் போட்டிருந்தாள். ஒன்று வெறும் சான்றிதழ்; வீடியோ பார்த்தால் தருவார்கள். அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொன்று ஆஸ்பத்திரி மென்பொருள் கம்பெனியில் நான்கு மாதம். ஒரே நோயாளிக்கு இரண்டு முறை பில் விழுவதைக் கண்டுபிடித்திருந்தாள். எப்படிப் பிடித்தாய் என்று போனில் கேட்டேன். தடுமாறாமல் படிப்படியாகச் சொன்னாள். கல்லூரி புராஜெக்டைப் பற்றிக் கேட்டதற்கு, "நாலு பேர் செஞ்சோம் மேடம், சோதனை மட்டும்தான் நான்" என்றாள். நாங்கள் கட்டாயம் என்று கேட்டதெல்லாம் அவளிடம் இருந்தது.

தொழில்நுட்பச் சுற்றிலும் தேறினாள். வேணுமாதவே, "பொண்ணு கெட்டி" என்றார். கடைசிச் சுற்று வெறும் சம்பிரதாயம். உகாதிக்குள் வேலை கிடைக்காவிட்டால் ஹாஸ்டலைக் காலி செய்து சொந்த ஊரான ஜகித்யாலுக்கே வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருப்பதாக, வாசலில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உள்ளே என் முன்னால் வேணுமாதவ் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். "இன்டர்ன்ஷிப்ல..."

"இன்டர்ன்ஷிப் இல்ல சார். வேலை. ஒரு வருஷம், முழுச் சம்பளம்."

அவர் அவள் அனுப்பிய விண்ணப்பத்தையே அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நாலு மாசம் இன்டர்ன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் வெளியே போனதும் கெஞ்சிப் பார்த்தேன். "தெரியாததைக் கத்துக் குடுக்கலாம். இல்லாததை இருக்குன்னு சொல்ற ஆளை வச்சு எப்படி சோதனை பண்றது?" என்றார்.

லிப்ட்வரை அவளோடு போனேன். "ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"அமீர்பேட்டல நான் படிக்கிற கோச்சிங் சென்டர் சார் நேத்து சொன்னாருக்கா. கடைசிச் சுற்றுல அனுபவம் இருக்குன்னு சொல்லலேன்னா தூக்கிப் போட்டுடுவாங்கன்னு." அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். "நெஜத்தைச் சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களாக்கா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது, பாவம். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த இடத்திலும் இந்தப் பொய்யையே சொல்வாள்.

"எடுத்திருப்போம்" என்றேன்.

லிப்ட் வந்து கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. அங்கேயே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.