பெர்சிஸ் போட்ட பூட்டு

தென்காசியில் லாட்ஜ் புக்கிங் மென்பொருள் செய்யும் சின்ன ஆபீஸ் அது. யார் புது நிரலைப் புஷ் செய்து அனுப்பினாலும், அதில் பிழை தேடும் லின்ட்டும் டெஸ்ட்டும் தானாக ஓடும்படி பெர்சிஸ் பைப்லைன் எழுதியிருந்தாள். பிழை அகப்பட்டுச் சிவப்பு விழுந்தால் அது மெர்ஜ் ஆகாது, மூல நிரலோடு சேராது.

முதலாளி ஜெபசிங்குக்கு, புஷ் செய்த கையோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விடுகிற பழக்கம். உடைந்தால் மற்றவர்கள் பாடு. இன்று அருவிக்கரையிலிருந்து போனில் கத்தினார்.

"ஏம்மா, மெர்ஜ் ஆக மாட்டேங்குது!"

"நீங்க அனுப்புனது ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுக்குது அண்ணாச்சி. டெஸ்ட் பிடிச்சிட்டு."

"சீசன் நேரம்லா! நீதான அட்மின், தொறந்து விடு."

"அட்மினுக்கும் சேத்துத்தான் பூட்டிருக்கேன். நேத்து என்னையே ரெண்டு தடவை நிறுத்திட்டு!" என்றாள், பெருமை தாங்காமல்.

அருவிச் சத்தத்துக்கு நடுவே ஜெபசிங் முனகினார்.

"எண்ணெய் தேச்சாச்சே... சரி, அப்படியே வாரேன். திருத்திட்டுக் குளிக்கேன்."

பெர்சிஸ் அவர் நாற்காலியில் பழைய துண்டு ஒன்றை விரித்து வைத்தாள்.