எந்த நாளிலிருந்து நாற்பத்தைந்து?

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சுமலதா கொள்முதல் அதிகாரி. அங்கிருந்து பர்ச்சேஸ் ஆர்டரோடு போகும் மெயிலில் பல வருஷமாக ஒரே வரிதான்: 'வழக்கம்போல், சரிபார்த்தபின் நாற்பத்தைந்து நாட்களில் பணம் தரப்படும்.' எந்த நாளிலிருந்து என்பது எழுதிய புண்ணியவானுக்கே தெரியாது. லேத் பட்டறை ஆஞ்சப்பன் பில் தேதியிலிருந்து எண்ணுவார். அக்கவுண்ட்ஸ்காரர்கள் தரச் சோதனை முடிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நடுவில் போனில் வசவு வாங்குவது சுமலதா.

இந்த முறை அவள் அந்த வரியையே தூக்கி எறிந்தாள். 'சரக்கு எங்கள் கம்பெனியில் இறங்கிய தேதியிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். கடைசி நாள் விடுமுறை என்றால், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே சேரும். சரக்கில் குறை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் சொல்வோம்' என்று எழுதினாள்.

எதிர் மேஜை நிதி மேலாளர் ஹரீஷ்குமார் அதைப் படித்து முகம் சுளித்தார். "இப்படிப் பட்டுனு எழுதுனா, ஒரு நாள் தள்ளிப்போனாலும் நம்ம சட்டையைப் புடிப்பாங்களே?"

"புடிக்கட்டும் சார். குடுக்கத்தானே போறோம், தேதிய சொல்றதுக்கு என்ன பயம்?"

அவர் இன்னொரு முறை படித்துவிட்டு, "சரி, அனுப்புங்க" என்றார்.

மறுநாள் ஆஞ்சப்பன் கூப்பிட்டார். சுமலதா வசவுக்குத் தயாராகப் போனை எடுத்தாள்.

"இந்தத் தடவ கேக்க ஒண்ணுமில்லம்மா. எனக்குக் கம்பி குடுக்குறவங்களுக்கு நானும் ஆர்டர் அனுப்பணும். அந்த மூணு வரிய அப்படியே எடுத்துக்கட்டுமா?"

சுமலதா நிமிர்ந்து உட்கார்ந்து, போனை ஹரீஷ்குமார் பக்கம் நீட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சரியா கேக்கலண்ணா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!"