மருந்துக்குக் கேட்கிற வலி

ஆன்-சோஃபிக்கு மாதவிலக்கு என்றால் வீடே இரண்டுபடும். முதல் நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவாள். பள்ளிக்கூடம் கிடையாது, சோறு இறங்காது, சில சமயம் வாந்தி வேறு. அவளுடைய அம்மா மார்கெரித் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்த டப்பாவை எடுப்பாள். பிரான்ஸிலிருந்து அவள் கணவன் தியேரி அனுப்பிய மாத்திரைகள் அவை. மகள் இனித் தாங்கமாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் டப்பா திறக்கும். அதிலும் பாதி மாத்திரைதான். அடுத்த பார்சல் எப்போது வருமென்று யார் கண்டது?

அந்தப் பாதி மாத்திரைக்கு வலி அசைந்து கொடுக்காது. உடனே மார்கெரித் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பிரான்ஸ் மாத்திரைக்கே கேட்காத வலி என்றால் உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது. காரைக்காலில் உறவுக்காரர் ஒருவராவது பிரான்ஸில் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் ஆன்-சோஃபி துடித்துக் கிடந்தபோது தியேரி வீடியோவில் வந்தான். பாரிஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் காவல் வேலை. வீடு கிடைக்கட்டும், இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவன். ஒரே ஒரு அறையில் இன்னொருவனோடு இருக்கிறான். இடையில் ஒரு முறை வந்தான், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போனது போல இருந்தது. மகள் துடிப்பதைப் பார்த்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"டாக்டர் பெருசா என்னமோன்னு சொன்னா ஒரு வார்த்த சொல்லு கண்ணு. வேலைய விட்டுட்டாவது வந்துடறேன்."

அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆன்-சோஃபி தன் வயிற்றுக்குள் ஏதாவது பெரிதாக இருக்க வேண்டுமென்று ஆசைப்படத் தொடங்கினாள். மாதா கோயிலில் முட்டி போட்டபோதுகூட அதைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுப் பயந்தாள். பயந்துவிட்டு மறுபடியும் கேட்டாள். அப்பாவின் தோள் வாசனை மறந்துகொண்டே வருகிற பெண்ணுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

டாக்டர் சுஹைனாவின் கிளினிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. மார்கெரித் டப்பாவையும் கையோடு எடுத்துப் போனாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம ஊர்ல காய்ச்சலுக்குப் போடற மாத்திரதாம்மா. வலிக்கும் கேக்கும், தப்பில்ல. ஆனா பாதியா ஒடச்சு, வலி உச்சிக்குப் போனப்புறம் குடுத்தா எப்படிக் கேக்கும்?"

மார்கெரித்தின் முகம் சிறுத்துவிட்டது. டாக்டர் அதைப் பார்க்காதவர் போல, "நீங்க செத்த வெளில உக்காருங்க, பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்" என்றார்.

கதவு சாத்தியதும் கேள்விகள் வந்தன. வயசுக்கு வந்த முதல் மாசத்திலிருந்தே வலியா? இல்லை, ஒரு வருஷம் கழித்துத்தான். எப்போது ஆரம்பிக்கும்? உதிரம் பட்ட அன்றைக்கு. எத்தனை நாள்? மறுநாள் சாயங்காலம் தணிந்துவிடும். மாசாமாசம் கூடிக்கொண்டே போகிறதா? இல்லை, ஒரே மாதிரிதான். ரொம்பப் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? இல்லை. சிறுநீர், மலம் போகும்போது வலிக்கிறதா? இல்லை.

இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அப்பா தூரமாகப் போய்க்கொண்டே இருப்பது போல அவளுக்குத் தோன்றியது.

"மத்த நாள்ல, வெலக்கு இல்லாதப்ப வலி வருமா?"

"வரும்" என்றாள் சட்டென்று.

"எந்த எடத்துலம்மா?"

வலது பக்கம் காட்டினாள். பிறகு இடது பக்கம். பிறகு முதுகையும் விட்டுவைக்கவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டவில்லை.

"என்னம்மா வேணும் ஒனக்கு?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். "பெருசா என்னமோன்னு எழுதிக் குடுங்க டாக்டர். எங்கப்பா வருவாங்க."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய மகனும் துபாயில் இருக்கிறான், அது இவளுக்குத் தெரியாது.

"ஒன் வலி பொய்யில்ல. மொத நாள் நீ துடிக்கிறது நெசம். ஒன் வயசுல நெறையப் பொண்ணுங்களுக்கு வர்ற வலிதான் இதுன்னு படுது. ஆனா முழுசாச் சொல்ல எனக்கு ஒன் ஒத்தாச வேணும். வயித்துப் புண்ணு, வீசிங் எதாவது இருக்கா?"

"இல்ல."

"அப்போ நா எழுதற மாத்திரைய அடையாளம் தெரிஞ்ச ஒடனே போடணும், வலி ஏறட்டும்னு காத்திருக்கக் கூடாது. சாப்புட்டுட்டு, வேளாவேளைக்கு, ரெண்டு நாள். வெந்நீர்ப் பை வெச்சுக்க. மூணு மாசம் இப்படிப் பாப்போம். அதுக்கும் கேக்கலன்னாலோ, வலி கூடிக்கிட்டே போனாலோ, மத்த நாள்ல வந்தாலோ நா சும்மா விடமாட்டேன். வயித்து மேலயே ஸ்கேன் பண்ணி, என்னன்னு தேடுவேன். ஆனா நீ மாத்திரைய ஒழுங்காப் போட்டாத்தான் அது எனக்குத் தெரியும். ஏமாத்துனா, நெசமாவே என்னமோ இருந்தாக்கூட நா கோட்ட விட்டுடுவேன்."

மார்கெரித்தை உள்ளே கூப்பிட்டு அதையே சொன்னார். மகள் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆன்-சோஃபியின் மனசில் ஒரே கணக்கு. மாத்திரை போடாவிட்டால் வலி கேட்காது. கேட்காவிட்டால் ஸ்கேன். ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பா டிக்கெட் போட்டுவிடுவார். டாக்டர் சொன்னது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் ஆசை வெட்கம் பார்க்குமா?

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாளம் தெரிந்தது. மார்கெரித் இடியாப்பம் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள், முழு மாத்திரை. ஆன்-சோஃபி அதைக் கன்னத்து ஓரமாக ஒதுக்கிக்கொண்டாள். அம்மா திரும்பியதும் துப்பிவிடலாம்.

அம்மா திரும்பவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி நின்றாள்.

"மாதாவே, இது கேக்கணும். எம் பொண்ணு வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. இத்தன நாளா முழுசாக் குடுக்காமப் பாவி நானே அத வளத்துட்டேனோ என்னமோ."

சொல்லிவிட்டு இன்னொரு கையால் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆன்-சோஃபி அம்மாவின் கையைப் பார்த்தாள். செம்பை வாங்கி மாத்திரையை மடக்கென்று விழுங்கிவிட்டாள்.

அப்புறம் படுத்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். அது வந்தது, ஆனால் வாசலோடு நின்றது. இழுத்துப் பிடித்தது, தணிந்தது. வெயில் ஏறியபோது அவள் எழுந்து தலை வாரினாள், மத்தியானம் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டாள். இத்தனை மாதம் மாத்திரைக்குக் கேட்காத வலி, இன்றைக்குச் சமத்தாகக் கேட்டுக்கொண்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"வலிக்குதாடி?" மார்கெரித் பதறி ஓடிவந்தாள்.

"இல்லம்மா. வலிக்கல."

"அப்பறம் ஏன் அழுவற?"

ஆன்-சோஃபி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

சாயங்காலம் தியேரி கூப்பிட்டான். மார்கெரித் சந்தோஷம் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். மாத்திரை கேட்டது, பிள்ளை சாப்பிட்டாள், இன்னும் இரண்டு மாசம் இப்படியே பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை. பிறகு போனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

"அப்போ ஒண்ணும் இல்லையா கண்ணு?"

"இல்லப்பா."

"நல்லதாப் போச்சு. மாதா காப்பாத்திட்டா." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. காலருக்குள் கழுத்தைத் தடவிக்கொண்டான். "மொதலாளிகிட்ட லீவு சொல்லி வெச்சிருந்தேன். பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு. சட்டைகூட எடுத்து மடிச்சு வெச்சேன். ம்... இனி என்னத்தச் சொல்லிக் கேக்கறது."

அவள் அந்த முகத்தையே பார்த்தாள். தானும் அப்படித்தானே இன்றைக்குப் படுத்துக்கிடந்தாள், வலி வந்துவிடாதா என்று.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"வலி இல்லாட்டியும் வாங்கப்பா."