பின்வரிசை மூட்டைகள்

போடி ஏலக்காய்க் கடையில் கணக்கு பார்ப்பவள் ஜாய்ஸ். வங்கிக்கு அனுப்பும் இருப்பு அறிக்கையில் நூறு மூட்டை என்று எழுதச் சொன்னார் முதலாளி சுயம்புலிங்கம். இருப்பு குறைந்தால் கடன் வரம்பும் குறைந்துவிடும்.

மூட்டையைக் குத்தி உள்ளிருப்பதைப் பார்க்கும் குத்தூசியுடன் ஜாய்ஸ் குடோனுக்குப் போனாள். முதலாளியும் கூடவே வந்தார்.

"முன்வரிசைய மட்டும் பாரு ஆத்தா. பேங்க்காரவுக அம்புட்டுத்தான் பாப்பாக."

முன்வரிசை நாற்பது மூட்டையிலும் ஏலக்காய்தான். பின்வரிசை அறுபதிலும் குத்தினாள். உமி கொட்டியது.

"அதையும் ஏலக்காய்னு எழுது. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

"பாத்ததத்தான் எழுதுவேன் மொதலாளி. வேற ஆளு வேணும்னா வச்சுக்கங்க. பேங்குக்குப் பொய் எழுதுறவுக உங்களுக்கு மட்டும் நெசத்தையா எழுதுவாக?"

முதலாளி யோசித்தார். முன்பு அவர் சொன்னபடியெல்லாம் எழுதிய பழைய கணக்குப்பிள்ளை, வாங்கிய சம்பளத்துக்கு மீறிய புது வீடு கட்டியிருந்தார்.

"சரி, நாப்பதுன்னே எழுது. உமிய என்ன செய்ய?"

"உமின்னு எழுதிருவோம்."