பன்னிரண்டு மணித் தழை

காரிமங்கலத்துக்குத் தெற்கே குப்புராஜ் ஒன்றரை ஏக்கரில் துளசி வைத்திருந்தார். சாமிக்குப் போடும் துளசி இல்லை. இடுப்பளவு வளரும், கசக்கினால் கிராம்பு வாசம் அடிக்கும். தழையை நீராவியில் வடித்தால் எண்ணெய் இறங்கும். அந்த எண்ணெயில் யூஜினால் என்ற சத்து நூற்றுக்கு அறுபத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் பெங்களூர் கம்பெனி எடுத்துக்கொள்ளும். பல்வலி மருந்துக்குப் போகிறதாம்.

வடிக்கும் கொப்பரை சுல்தானாவுடையது. அவள் புருஷன் நூர் பாஷா வெங்காய வியாபாரி. கொப்பரை பக்கம் வந்தால் தலைவலிக்கிறது என்று வரமாட்டார். வெங்காயம் அவரை ஒன்றும் செய்வதில்லை.

பங்குனி முதல் வாரத்தில் குப்புராஜ் ஒரு கட்டுத் தழையை மாதிரிக்குக் கொடுத்தார். வடித்து அனுப்பியதில் யூஜினால் எழுபத்து நாலு வந்தது. எட்டு நாள் கழித்து மணிமேகலையின் அறுப்புக் குழு பதினோரு பேர் இறங்கி மூன்று காலையில் வயல் முழுக்க அறுத்தார்கள். வடித்து அனுப்பிய எண்ணெய்க்கு முப்பத்தெட்டு வந்தது. கம்பெனி கேனைத் திருப்பி அனுப்பிவிட்டது.

குப்புராஜ் மணிமேகலையை மோட்டார் கொட்டகைக்குக் கூப்பிட்டார். சுல்தானா சோதனைக் காகிதத்தோடு முன்பே வந்திருந்தாள்.

"வரப்புல நாய்த்துளசிக் களை எவ்ளோ கெடந்துச்சு?" என்றார் குப்புராஜ்.

"கெடந்துச்சுங்க."

"இப்ப காணோமே."

"ஆடு மேயுதுங்க, அது பக்கத்து வூட்டு ஆடு."

"கிலோ கணக்குல கூலி. நாலு கட்டு களையைச் சேத்துக் கட்டுனா எடை நிக்கும். நான் பொதுவா சொல்றேன்."

"பொதுவா சொல்றதுக்கு என்னை ஒருத்திய ஏன் கூப்புட்டீங்க?"

அவர் அடுத்த அறுப்புக்கு ஏரியூரிலிருந்து ஆள் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

மணிமேகலைக்கு அதுதான் உறைத்தது. களை கலந்த குழு என்று ஒரு வயலில் பேர் வந்தால் மஞ்சள் வயலிலும் கூப்பிட மாட்டார்கள், பூ வயலிலும் கூப்பிட மாட்டார்கள். பதினோரு பேரும் அவளை நம்பி வருகிறவர்கள். அவள் கொட்டகையை விட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, அந்த எண்ணெயை மோந்து பாத்தீங்களா?" என்று சுல்தானாவைக் கேட்டாள்.

"தைல வாசம். கிராம்பு கம்மி."

"எங்க கையும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. எட்டரைக்கு அறுத்து முடிச்சுட்டு சோறு தின்னா, சளிக்கு மார்ல தேய்க்கிற தைலத்தைத் தின்ன மாதிரி இருக்குதுன்னு ராஜாமணி திட்டுனா. வயல்ல நின்ன செடியே அந்த வாசம்தான் அடிச்சுது. கலந்துட்டா களை வாசமில்ல வரணும்?"

சுல்தானா குப்புராஜைப் பார்த்தாள். "மாதிரி யாருங்க அறுத்தது?"

"நான்தான்."

"எத்தனை மணிக்கு?"

குப்புராஜ் யோசிக்கவே இல்லை. மும்முனைக் கரண்ட் பன்னிரண்டுக்குத்தான் வரும். மோட்டார் போட வந்தவர் கையோடு ஒரு கட்டு அறுத்திருக்கிறார்.

"நீங்க எத்தனை மணிக்கு எறங்குனீங்க?"

"அஞ்சரைக்கு. ஒம்போதுக்கு நூறு நாள் வேலையில வருகைக்குப் போட்டோ புடிப்பாங்க. அதுக்குள்ள முடிக்கணும்."

"நேரத்துக்கு நேரம் செடி மாறுமா? அது என்ன பச்சோந்தியா?" என்றார் குப்புராஜ்.

"எண்ணெய்ச் செடி சிலது மாறும்ங்க. ஆனா அதுமட்டும்னு சொல்ல முடியாது. மாதிரி எடுத்தப்போ பூ பாதிதான் விட்டிருந்துச்சு. முழு அறுப்பு அப்போ நெறைய கதிர்ல விதை புடிச்சிருச்சு. முந்தின நாள் மழை வேற. மழைக்கு அப்பறம் அறுத்தாலும் எண்ணெய் கொறையும். மூணுல எதுன்னு தெரியாம யார் மேலயும் சொல்லக்கூடாது."

"அப்ப சோதிச்சுப் பாத்துடுங்க" என்றாள் மணிமேகலை.

"பாக்குறேன். ஆனா நீ கலந்திருந்தேன்னா அதுவும் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும்க்கா."

வெட்டிய கட்டை துளிர்த்து மறுபடி பூவெடுக்க எழுபது நாள் ஆனது. வைகாசிக் கடைசி. அந்த எழுபது நாளும் குழுவுக்கு யாரும் வேலை இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியனுப்புகிறேன் என்றார்கள்.

சுல்தானா நாள் பார்த்தாள். வானம் பார்த்து நாள் பார்த்தாள். மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு, கதிரில் பாதி பூத்த செடிகளாக ஒரே சால் வரிசையைப் பிடித்தாள். சாலில் ஒரு செடி விட்டு ஒரு செடியில் சிவப்பு ரிப்பன் கட்டினாள். ரிப்பன் கட்டியதைக் காலை ஆறு மணிக்கு மணிமேகலையே அறுத்தாள். கட்டாததைப் பன்னிரண்டு மணிக்கு அவளே அறுத்தாள். இரண்டு தடவையும் குப்புராஜ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்தார். களை இல்லை. ஒரு ஓணான் இருந்தது.

காலைத் தழை இருபது கிலோவை அறுத்த கையோடு சுல்தானா சின்னக் கொப்பரையில் வடித்தாள். மதியத் தழை இருபது கிலோவையும் அறுத்த கையோடு வடித்தாள். இரண்டு புட்டி, இரண்டு சீட்டு. பெங்களூரிலிருந்து ஆறாம் நாள் காகிதம் வந்தது. காலை நாற்பத்தொன்று. மதியம் எழுபத்தாறு.

குப்புராஜ் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். புட்டி மாறியிருக்குமோ என்று கேட்டார். சுல்தானா இரண்டையும் திறந்து அவர் மூக்கருகே பிடித்தாள். அவர் தும்மிவிட்டு, சரி என்றார்.

ஏரியூர் ஆட்களுக்கு வேண்டாம் என்று போன் போனது. மணிமேகலையிடம் குப்புராஜ் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குப் பதினொன்னரைக்கு எறங்குங்க. ரெண்டு மணி வரைக்கும். நாலு நாள்ல முடிச்சுடலாம்."

"அந்த நேரத்துக்குத் தழை வாடிக் கெடக்கும். எடை நிக்காதுங்க. பனியோட அறுத்த கிலோ வேற, இது வேற. நாள் கூலி போடுங்க."

"சரி."

"நூறு நாள் வேலைக்கும் போக முடியாது."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஒன்னும் பண்ண வேணாங்க. சொன்னேன்."

பதினோரு பேரில் ஆறு பேர் வந்தார்கள். மற்ற ஐந்து பேர் போட்டோவுக்குப் போய்விட்டார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

"கலக்கலைன்னு நிரூபிச்சு நமக்கு நல்ல பரிசு வாங்கிக் குடுத்தடி" என்றாள் ராஜாமணி. அவள் தலையில் துண்டு, துண்டுக்கு மேல் ஈரச் சாக்கு. "திருடின்னே இருந்திருந்தா இந்நேரம் வூட்டுல ஃபேன் ஓடும்."

"இப்பவும் போலாம்."

"போயி? அங்கயும் கரண்டு இல்ல."

மண் காலைச் சுட்டது. அரிவாளின் பிடி மட்டும்தான் தொடக்கூடிய சூட்டில் இருந்தது. இரண்டாம் நாள் ராஜாமணி சாலில் உட்கார்ந்தவள் எழவில்லை. தூக்கி வேப்பமரத்தடியில் போட்டு மோர் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்ததும் எத்தனை மணி என்று கேட்டாள். ஒன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறதா என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

குப்புராஜ் அவளைப் பார்த்தார். அறுக்காமல் கிடந்த முக்கால் வயலையும் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் மேற்கு மூலை விதை பிடித்துவிடும். மணிமேகலையிடம் வந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கே எறங்கிடலாமா? வெயில் அவ்ளோ ஏறாது. ஒன்னரை மணி நேரத்துல என்ன கொறஞ்சுடப் போவுது?"

மணிமேகலை நிமிராமல் அறுத்தாள்.

"கொறஞ்சா யாரைக் கூப்புட்டுக் கேப்பீங்க?"

"அட, நான்தான சொல்றேன்."

"அஞ்சரைக்கு வந்தப்பவும் நீங்க வேணாங்கலை. சுல்தானா அக்காகிட்டச் சொல்லி பத்து மணித் தழையைத் தனியா வடிக்கச் சொல்லுங்க. காகிதம் வரட்டும். நல்லா இருந்தா பத்துக்கு வரோம், சந்தோசமா வரோம்."

"காகிதம் வர ஆறு நாள் ஆவும். அதுக்குள்ள விதை புடிச்சுடும்."

"அப்ப நீங்களும் ஒரு அரிவாள் எடுங்க."

குப்புராஜ் ராஜாமணியின் அரிவாளை எடுத்துக்கொண்டு அவள் விட்ட சாலில் குனிந்தார். அரை மணி நேரத்தில் பதினேழு செடி அறுத்தார்.

மணிமேகலை அவர் கட்டை அவிழ்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி கட்டினாள்.